சீனி இல்லாத மக்ரூன்

என் மச்சினனுக்கு உடம்பு போட்டுவிட்டது என்பதை அவனுக்கு முன்பாக நான்தான் கண்டுபிடித்தேன். என் மனைவியின் கூடப்பிறந்த ஒரே தம்பி அவன். மாதக்கணக்கில் கப்பலில் இருந்துவிட்டு அன்றுதான் ஊருக்கு வந்திருந்தான். எங்கள் வாசலில் குனிந்து ஷூவைக் கழற்றும்போது அவனுக்கு மூச்சு வாங்கியது.

"என்னலே மாப்ள, ஷூவக் கழட்டவே ஆள் வேணும் போலுக்கே?" என்று கேட்டேன்.

சிரித்தான். என்ன சொன்னாலும் சிரிக்கிறவன். அதனால்தான் அவனிடம் எனக்கு வாய் நீண்டுகொண்டே போயிற்று என்று இப்போது தோன்றுகிறது.

நானும் கப்பல்காரன்தான். சரக்குக் கப்பலில் தலைமைச் சமையல்காரன். குசினிக்குள் நுழைந்தால் நான் வைத்ததுதான் சட்டம். எந்த நாட்டுக் கேப்டன் வந்தாலும் ஒரே வாரத்தில் அவன் நாக்கைப் பிடித்துவிடுவேன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை நானே நாலு பேரிடம் சொல்லி வைக்கிற வழக்கமும் உண்டு. அந்த வருடம் முதுகுவலி என்று ஒரு பயணத்தை விட்டுவிட்டுத் தூத்துக்குடியில் வீட்டோடு இருந்தேன். சும்மா இருக்கிற சமையல்காரனை வீட்டில் வைத்திருப்பது எவ்வளவு தொல்லை என்று என் மனைவியைக் கேட்டால் விடிய விடியச் சொல்வாள்.

மச்சினனுக்கு அடுத்த கப்பலில் போசன் வேலை காத்திருந்தது. டெக்கில் வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் மேஸ்திரி மாதிரி அந்த வேலை. கயிறு இழுத்து, துரு சுரண்டி, பெயின்ட் அடித்து வருடக்கணக்கில் உழைத்தவனுக்கு முதல் முறையாக வந்த உயர்வு. அவன் அம்மா, அதாவது என் மாமியார், கோயிலுக்கு மெழுகுதிரி வாங்கிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். ஆனால் கப்பல் ஏறுவதற்கு முன் மருத்துவப் பரிசோதனை ஒன்று இருக்கிறது. உயரத்துக்கு இவ்வளவு எடைதான் இருக்கலாம் என்று கம்பெனி ஒரு வரம்பு வைத்திருக்கிறது. ஊரில் கப்பல்காரர்களைப் பரிசோதிக்கிற டாக்டரிடம் போனான். மற்றதெல்லாம் சரியாக இருந்தது. எடைதான் ஐந்து கிலோ அதிகம். ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன்னால், குருத்தோலை ஞாயிறு வாக்கில் மறுபடி வா, இறங்கியிருந்தால் கையெழுத்துப் போடுகிறேன், இல்லாவிட்டால் கம்பெனி வேறு ஆளைப் பார்க்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

விபூதிப் புதன் வரப் போகிற சமயம். அன்று தொடங்கி ஈஸ்டர் வரைக்கும் தவக்காலம் முழுக்கப் பரோட்டா பக்கம் போவதில்லை, கறி தொடுவதில்லை, ராத்திரிச் சோறு கிடையாது என்று மச்சினன் பீடத்துக்கு முன்னால் நின்று ஒறுத்தல் வைத்துக்கொண்டான். எடைக்கும் ஆயிற்று, ஆத்துமாவுக்கும் ஆயிற்று. எங்கள் ஊர்க்காரன் பரோட்டாவை விடுகிறான் என்றால் அது சின்ன விஷயமில்லை. எண்ணெயில் பொரித்த பரோட்டாவின் வாசனை இல்லாமல் ராத்திரியில் இந்த ஊரில் ஒரு தெரு தாண்ட முடியாது.

ஒரே ஒரு பலவீனம் மட்டும் அவனிடம் மிச்சம் இருந்தது. மக்ரூன். அதிலும் நான் வீட்டில் போடும் மக்ரூன். முட்டை வெள்ளைக்கருவை நுரைக்க அடித்து, சீனி சேர்த்து, முந்திரித் தூளைப் பக்குவமாகக் கலந்து, காகிதக் கூம்பில் பிழிந்து, லேசான சூட்டில் காயவிட்டு எடுப்பேன். வாயில் போட்டால் கரைந்துவிடும். ராத்திரிச் சோற்றை விட்டவன் பசியில் வந்து அலமாரி டின்னைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

"கவலப்படாதல மாப்ள. சீனி இல்லாம போட்டுத் தாரேன். எத்தன வேணும்னாலும் தின்னு. உன் எடைய எறக்கிக் காட்டுறது என் பொறுப்பு" என்றேன். என் மாமியார் அப்போது பக்கத்தில் இருந்தார்.

"தவக்காலத்துல மிட்டாய் திங்கலாமா மருமவனே?"

"சீனியே இல்ல மாமி. பெறவு எப்படி மிட்டாயாவும்?"

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. மருமகன் சொன்னால் சொன்னதுதான் அவருக்கு. கடைசி வரைக்கும் அப்படித்தான் இருந்தார்.

பேக்கரிக்காரர்களுக்குச் சாமான் விற்கிற கடையில் விசாரித்து மால்டிட்டால் என்ற வெள்ளைத் தூளை வாங்கி வந்தேன். பார்க்கச் சீனிப் பொடி மாதிரியே இருக்கும். சீனி எவ்வளவோ அதே அளவு போடலாம், இனிப்பில் கொஞ்சம்தான் கம்மி. பாக்கெட்டின் முன்பக்கத்தில் 'சர்க்கரை இல்லாதது' என்று பெரிதாகப் போட்டிருந்தது. பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் ஏதேதோ இருந்தது. அதை நான் படிக்கவில்லை. கண்ணாடி குசினியில் இருந்தது, நான் முன்னறையில் இருந்தேன், அவ்வளவுதான் காரணம்.

மக்ரூன் அருமையாக வந்தது. நுரை நின்றது, கூம்பு சரியவில்லை, வெண்மை குறையவில்லை. மச்சினன் நாலு தின்றான், அப்புறம் இன்னும் நாலு தின்றான். சீனி இல்லை என்றால் சும்மா காற்றைத் தின்பது போலத்தான் என்று நான் அவனுக்குச் சொன்னேன். எனக்கும் அதில் சந்தேகமே இல்லை. நாளுக்குப் பத்து என்று வழக்கமாகிவிட்டது. அவன் போதும் என்று எழுந்தாலும் நான் விடவில்லை. சமையல்காரனுக்கு முன்னால் தட்டில் மிச்சம் வைப்பது மரியாதையில்லை என்று அவனுக்குக் கப்பலிலேயே தெரியும்.

சில நாளில் என் மனைவி சொன்னாள்: "தம்பிக்கு வயிறு சரியில்லையாம். ஒரே பொருமலாம். காலைல நாலு தடவ ஓடியிருக்கான்."

"வெளிய கண்டதையும் தின்னுருப்பான்" என்றேன். தோன்றியதைச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு அதுவே எனக்கு உண்மையாகிவிட்டது. ராத்திரிச் சோறு சாப்பிடாத ஆளுக்கு வயிறு ஏன் கெட வேண்டும்? அவனுடைய கூட்டாளிகள் எல்லோரும் பரோட்டாக் கடையில்தானே கூடுகிறார்கள்? என் மனத்துக்குள் அவனுக்கு எதிராக ஒரு வழக்கு அன்றே பதிவாகிவிட்டது. முதல் இரண்டு வாரம் முடிந்து எடை பார்த்தபோது அரைக் கிலோதான் இறங்கியிருந்தது. வழக்கு பலமாயிற்று. வெளியே கண்டதைத் தின்னாதே என்று அவனை ஒருமுறை அதட்டியும் வைத்தேன்.

அதற்குள் கடையில் மால்டிட்டால் தீர்ந்துவிட்டது. அடுத்த சரக்கு எப்போது வரும் என்று தெரியாது என்றார்கள். சுக்ரலோஸ் சொட்டுகள் ஒரு குப்பி இருந்தது. துளி போதும், அவ்வளவு இனிப்பு. சரி, இதிலே போடுவோம் என்று வெள்ளைக்கருவை அடித்தால் நுரை நின்ற மாதிரி நின்று, முந்திரி விழுந்ததும் தண்ணீர் விட்டுப் படுத்துவிட்டது. சீனி வெறும் இனிப்புக்கு மட்டும் இல்லை. நுரையைக் கட்டிப் பிடிப்பதும் அதுதான், மக்ரூனில் பாதிக்குக் கொஞ்சம் கம்மியான எடையும் அதுதான். அதை எடுத்துவிட்டு நாலு சொட்டு இனிப்பை விட்டால் வீட்டின் தூணை உருவிவிட்டுச் சுவரில் பெயின்ட் அடித்தது போல ஆயிற்று.

நான் விடுவேனா? குசினியில் தோற்றுப் பழக்கமில்லை. முந்திரித் தூளைக் கூட்டினேன். நானூறு கிராம் போடுகிற இடத்தில் கடைசியில் அறுநூற்றைம்பது போட்டதும் மாவு பிடித்து நின்றது. கூம்பிலிருந்து அழகாக இறங்கியது. எப்போதும் எண்பது மக்ரூன் வருகிற இடத்தில் ஐம்பத்தைந்துதான் வந்தது, கொஞ்சம் கனமாக இருந்தது, ஆனால் ருசி அபாரம். அன்றைக்கு எனக்கிருந்த பெருமையை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது. இந்த மாதிரி ஒரு பக்குவம் எந்தப் புத்தகத்திலும் இல்லை என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டேன்.

மச்சினனுக்கு வயிற்றுப் பொருமல் நின்றுவிட்டது. பார்த்தாயா, நான் அதட்டியதில் வெளியே தின்பதை நிறுத்திவிட்டான் என்று நினைத்தேன். ஆனால் அடுத்த முறை எடை பார்த்தபோது முள் கீழே இறங்கவில்லை. ஒரு கிலோ ஏறியிருந்தது.

அன்று வெள்ளிக்கிழமை. கோயிலில் சிலுவைப் பாதை முடிந்து எல்லோரும் மாமியார் வீட்டில் கஞ்சி குடிக்க உட்கார்ந்திருந்தோம். மச்சினன் தயங்கித் தயங்கி எடையைச் சொன்னான். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. அவன் மேல் வந்த கோபத்தைவிட, என் பொறுப்பு என்று சொன்ன பேச்சு கெட்டுப்போகிறதே என்ற எரிச்சல்தான் அதிகம்.

"ராத்திரி எந்தக் கடையிலல தின்னுத? ஒளிக்காம சொல்லு."

"எங்கயும் இல்ல அத்தான்."

"பெறவு காத்தக் குடிச்சா ஒரு கிலோ ஏறுச்சு? சாமிக்கு முன்னால ஒறுத்தல் வச்சிட்டு, பின்னால பரோட்டாவப் பிச்சுப் போட்டுத் திங்க. வெக்கமா இல்லியால ஒனக்கு?"

அவன் என்னைப் பார்த்தான். ஏதோ சொல்ல வந்தது போல வாயைத் திறந்து மூடிக்கொண்டான். வழக்கமான சிரிப்பு இல்லை. அது குற்றத்தை ஒப்புக்கொண்ட மௌனம் என்று நான் தீர்ப்பெழுதிவிட்டேன்.

மாமியார் எழுந்து வந்தார். மகன் முன்னால் இருந்த கஞ்சிக் கிண்ணத்தை எடுத்தார். "சாமிகிட்டயே பொய் சொல்லுத பிள்ளைக்கு என் கையால கஞ்சி கெடையாது. எந்திரி" என்றார். அவன் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வெளியே போனான். நான் என் கஞ்சியைக் குடித்து முடித்தேன். தொட்டுக்கொள்ளத் துவையல் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். நீதி செய்தவனுக்குப் பசி எடுக்கும் போலிருக்கிறது.

அந்த வாரமே அவனை இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். இவன் வெளியே தின்கிறான், நீங்களே கேளுங்கள் என்று சொல்வதற்காகப் போனேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். டாக்டர் எங்களை உணவு ஆலோசகரிடம் அனுப்பினார். சின்ன வயதுப் பெண். தடுப்புக்கு இந்தப் பக்கம் மேஜை, அந்தப் பக்கம் பரிசோதனைக்குக் காத்திருக்கிற கப்பல்காரர்கள். பாதிப் பேர் எனக்குத் தெரிந்தவர்கள். இரண்டு பேர் என்னோடு ஒரே கப்பலில் இருந்தவர்கள்.

காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் என்ன சாப்பிடுகிறார் என்று அந்தப் பெண் கேட்டாள். மச்சினன் வாயைத் திறக்குமுன் நான் சொல்ல ஆரம்பித்தேன். காலையில் இட்லி, மத்தியானம் அளவுச் சோறு, மீன், ராத்திரி ஒன்றும் இல்லை, கடற்கரையில் நடை.

"இடையில ஸ்நாக்ஸ்?"

"ஒண்ணும் இல்லம்மா. மக்ரூன் மட்டும். அது கணக்குல வராது. சீனி இல்லாதது. நானே போடுதேன். நான் ஷிப்புல சீஃப் குக்கு."

கடைசி வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். தடுப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்களுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

"என்னென்ன போடுவீங்க? அளவு சொல்ல முடியுமா சார்?"

அளவா? தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். சாதா மக்ரூன் என்றால் முந்திரி நானூறு, சீனி நானூறு, ஆறு முட்டையின் வெள்ளைக்கரு. அவள் போனில் கணக்குப் போட்டாள். சீனியில் ஆயிரத்து அறுநூறு கலோரி. முந்திரியில் இரண்டாயிரத்து முந்நூறு பக்கம். வெள்ளைக்கருவில் நூறு. ஆக மொத்தம் நாலாயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், எண்பது மக்ரூனுக்கு ஒன்று ஐம்பது கலோரி என்றாள்.

எனக்கு முதல் அடி அங்கேயே விழுந்தது. மக்ரூனில் பாதிக்கு மேல் கலோரி முந்திரியில் இருந்தது. சீனியை முழுக்க எடுத்தாலும் முந்திரி அங்கேயேதான் இருக்கப் போகிறது. இருபது வருடத்துக்கு மேல் முந்திரியை அரைத்தவன், அதில் எண்ணெய் ஒட்டும் என்று கையால் தெரிந்தவன், அந்த எண்ணெய்க்கும் கலோரி உண்டு என்று யோசித்ததே இல்லை.

"மொதல்ல மால்டிட்டால் போட்டேன். அது சைபர்தான?" என்று கேட்டேன். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"இல்ல சார். அது சுகர் ஆல்கஹால் வகை."

மச்சினன் பதறிவிட்டான். "ஆல்கஹாலா? ஷிப்புல ஊதச் சொல்லுவாங்களே மேடம்!"

தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டு, பெயர்தான் அப்படி, குடிக்கிற சாராயத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றாள். இந்த வகைத் தூள்களை உடம்பு முழுசாக எடுத்துக்கொள்வதில்லை, அதனால் கலோரி கம்மி. ஆனால் கம்மி வேறு, இல்லாதது வேறு. சீனியில் இருக்கிற கலோரியில் பாதிக்குக் கொஞ்சம் மேலேயே மால்டிட்டாலில் உண்டு. அப்படிப் பார்த்தால் ஒரு மக்ரூன் ஐம்பதிலிருந்து நாற்பது சொச்சத்துக்குத்தான் இறங்கியிருக்கும். எரித்ரிட்டால் என்று இன்னொன்று உண்டு, அதில் கலோரி கிட்டத்தட்ட இல்லை, அதைப் போட்டாலும் முந்திரியின் முப்பது அப்படியே நிற்கும். இதையெல்லாம் நிதானமாகச் சொல்லிவிட்டு அவனிடம் திரும்பினாள்.

"உடம்பு எடுத்துக்காத மிச்சம் குடலுக்குப் போகும். அளவுக்கு மேல சாப்பிட்டா வாயு, வயிற்றுப்போக்கு எல்லாம் வரும். பாக்கெட்லயே போட்டிருப்பாங்க. உங்களுக்கு எதுவும் ஆகலையா?"

மச்சினன் என்னைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்தான். "லேசா" என்றான்.

நாலு தடவை ஓடியது அவனுக்கு லேசாம்.

சுக்ரலோஸ் வைத்துப் போட்டதன் அளவைச் சொல்லும்போது நான் மென்று விழுங்கினேன். ஏனென்றால் அவள் கணக்குப் போடுமுன்பே எனக்குப் புரிந்துவிட்டது. சொட்டில் கலோரி இல்லை, உண்மைதான். ஆனால் காலியான இடத்தை நான் எதைக் கொண்டு நிரப்பினேன்? சீனியைவிடக் கலோரி கூடிய முந்திரியைக் கொண்டு. மொத்தத்தில் இருநூறு கலோரிதான் குறைந்திருந்தது. எண்பது வர வேண்டியது ஐம்பத்தைந்தாகச் சுருங்கியதால், ஒரு மக்ரூனுக்கு ஐம்பதாக இருந்தது எழுபது ஆகியிருந்தது. சீனி போட்ட சாதா மக்ரூனைத் தின்றிருந்தால் அவனுக்கு அதைவிட நல்லது.

"ஒரு நாளைக்கு எத்தனை?"

"பத்து" என்றான் மச்சினன்.

"எழுநூறு. ஒரு நேரச் சாப்பாடு" என்றாள் அவள். திட்டவில்லை. எனக்குப் புரியட்டும் என்று சொன்னாள், அவ்வளவுதான். "வேற வெளிய ஏதும் சாப்பிடுறீங்களா?"

"இல்ல மேடம்."

இந்த முறை நான் நம்பினேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் என் பழைய கப்பல்காரன் ஒருவன், "சீஃப் குக்கே ஆள வீங்க வச்சிட்டாரு போலயே" என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னது காதில் விழுந்தது. எழுந்து போய் ஒரு அறை விடலாமா என்று முன்பென்றால் தோன்றியிருக்கும். அன்றைக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.

திரும்பும்போது பைக்கை அவன்தான் ஓட்டினான். உப்பளங்களைத் தாண்டியதும் ஒரு டீக்கடையில் நிறுத்தச் சொன்னேன். அவன் சீனி இல்லாத டீ சொன்னான்.

"ஏம்ல மாப்ள, அன்னைக்கு உங்கம்மா முன்னால அவ்வளவு கேட்டேன். வெளிய திங்கலன்னு அடிச்சுச் சொல்லலாம்லா? வாய மூடிக்கிட்டு இருந்துட்டியே."

அவன் டீயை ஆற்றினான். "சொன்னேன்லா அத்தான், ஒரு தடவ."

"அதுக்கு மேல ஏன் சொல்லல?"

"அதுக்கு மேல என்னத்தச் சொல்ல? வெளிய நான் ஒண்ணும் திங்கல. வீட்டுல அம்மா வைக்குதது அளவுச் சாப்பாடு. மிச்சம் உங்க மக்ரூன்தான் இருக்கு. வயித்தப் பொரட்டுனதுமே எனக்கு லேசா சந்தேகம்தான். நான் திங்கலன்னு நின்னா, பெறவு உங்க கையத்தான் குத்தம் சொன்ன மாதிரி ஆவும். அத்தன பேர் முன்னால, உங்கள…" முடிக்காமல் டீயைக் குடித்தான். பிறகு, "நீங்க வேற முதுகு வலின்னு கப்பல விட்டுட்டு உக்காந்திருக்கீங்க" என்றான்.

அவன் என்னைப் பார்த்து இரக்கப்பட்டிருக்கிறான். வேலையில்லாமல் வீட்டில் கிடக்கிற மனுஷன், இந்த மக்ரூனாவது அவருக்கு இருக்கட்டும் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு தின்றிருக்கிறான். நான் அவனைச் சாமிக்குப் பொய் சொன்னவன் என்றேன். என் டீயைக் கீழே ஊற்றிவிட்டேன்.

மக்ரூன் நின்றது. அவன் எடை இறங்கத் தொடங்கியது. ஆனால் நாள் போதவில்லை. குருத்தோலைக்கு முந்தின நாள் போனபோது இன்னும் இரண்டரைக் கிலோ மிச்சம் இருந்தது. டாக்டரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இரண்டே நாளில் கம்பெனியிலிருந்து போன் வந்தது. அந்தப் போசன் இடம் வேறு ஆளுக்குப் போய்விட்டது. எடை சரியானதும் சொல்லுங்கள், பழைய வேலையில் ஏதாவது கப்பல் இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். அவன் போனை வைத்துவிட்டு, "சரி, ஈஸ்டருக்கு வீட்டுல இருக்கலாம்" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு பழையபடி இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டீக்கடையிலேயே தம்பியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டதையும் சொன்னேன். அவள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

"அவன்ட்ட தனியா கேட்டா முடிஞ்சு போச்சா? எங்கம்மா முன்னாலதான சொன்னீங்க. அம்மா இன்னும் அவன்ட்ட சரியா முகங்குடுத்துப் பேசல. கப்பல் வேல கைவிட்டுப் போனதும் அவன் தின்ன பரோட்டாவாலதான்னு அழுதுக்கிட்டு இருக்கு."

எனக்கு அது தோன்றவே இல்லை என்று சொன்னால் பொய். தோன்றியது. தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். பெரிய வியாழன் போயிற்று, பெரிய வெள்ளி போயிற்று. அந்த வெள்ளியன்று கோயிலில் சிலுவையை முத்தம் செய்யப் போன வரிசையில் எனக்கு முன்னால் மாமியார் நின்றார். முத்தம் செய்துவிட்டுச் சிலுவையின் காலைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் ஏதோ முணுமுணுத்தார். மகனுக்காகத்தான் என்று எனக்குத் தெரியும். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

ஈஸ்டர் மத்தியானம் சாப்பாடு அவர் வீட்டில். கறிக்குழம்பு, வறுவல், எல்லாம் இருந்தது. மருமகனுக்கு என்று முதல் இலை போட்டார். மச்சினனுக்குக் கடைசி இலை, ஓரத்தில். அவர் கறிச் சட்டியோடு என் பக்கம் வந்தபோது நான் கையைக் குறுக்கே வைத்தேன்.

"மாமி, ஒரு வார்த்த. அவன் பரோட்டா திங்கல. ஒறுத்தல மீறவே இல்ல. எடை ஏறுனது நான் குடுத்த மக்ரூனால. சீனிய எடுத்துட்டு முந்திரிய அள்ளிப் போட்டேன். கணக்குத் தெரியாம செஞ்சது நான். அவனுக்குக் கப்பல் போனதும் என்னாலதான். அன்னைக்கு அவன அவ்வளவு பேசுனதும் தப்பு."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டு இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திட்டட்டும் என்றுதான் இருந்தேன். மகனுக்குச் செய்தது போல என் இலையை எடுத்துவிட்டு எந்திரி என்று சொன்னால்கூடப் போதும், எழுந்து போய்விடுவேன். அந்த ஒரு வார்த்தைக்காக உண்மையிலேயே காத்திருந்தேன்.

மாமியார் சட்டியைப் பிடித்தபடி மகனைப் பார்த்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவர் கண் கலங்கியது. முந்தானையால் துடைத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் குனிந்தார்.

"பரவால்ல மருமவனே. தெரிஞ்சா செஞ்சீங்க? ஆறுறதுக்குள்ள சாப்பிடுங்க" என்று சொல்லி, சட்டியைத் துழாவி நல்ல கறித் துண்டாகப் பார்த்து எடுத்து, என் இலையில் வைத்தார்.